'ஸ்டாக் இல்லை' என்று சொல்வது எப்படி? மளிகை ஆப் நோட்டிஃபிகேஷன் எழுதுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் மளிகை ஆப் நோட்டிஃபிகேஷன் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கருத்துகள் வரும். வாங்குகிறவர்கள், "ஒரே தொல்லை, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்" என்பார்கள். ஆப் நடத்தும் பக்கத்தில் வேலை செய்பவர்கள், "வாசகம் கொஞ்சம் கவர்ச்சியா இருந்தா போதும், ஜனங்க தட்டுவாங்க" என்பார்கள். முதல் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆட்கள், தேங்காய் வராமல் போன நாளில் "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றும் கேட்பார்கள். இரண்டாவது கருத்துதான் பெரிய தவறு. கவர்ச்சியான வாசகம் தட்ட வைக்கும், அவ்வளவுதான். அதனால் செய்தி பயனுள்ளதாகிவிடாது.

எல்லா வகை நோட்டிஃபிகேஷனையும் ஒரே கட்டுரையில் அலச முடியாது. அதனால் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஆர்டர் செய்த ஒரு பொருள் ஸ்டாக் இல்லாமல் போகும்போது அனுப்பும் செய்தி. இதை ஒழுங்காக எழுதத் தெரிந்தால் மற்றவற்றையும் எழுதிவிடலாம். தகவல், கேள்வி, கெடு, பணம் என்று நான்கும் இந்த ஒரே செய்திக்குள் இருக்கின்றன.

## கடைக்காரர் போன் செய்தால்

அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பட்டியல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் கடைக்கார அண்ணாச்சி போன் செய்கிறார்: "அக்கா, இட்லி அரிசி ரெண்டு கிலோ பை தீந்துடுச்சு. ஒரு கிலோ பையா ரெண்டு போடட்டுமா? பன்னெண்டு ரூபா கூட வரும். பையன் ஏழு மணிக்குக் கிளம்பிடுவான்." இந்த அழைப்பை யாரும் தொல்லை என்று சொல்ல மாட்டார்கள். வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம்.

அதே அண்ணாச்சி, "அக்கா, உங்க சாமான்ல ஒரு விஷயம் இருக்கு, கடைக்கு வாங்க சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தால் எரிச்சல் வராதா? நம் ஆப்களில் பாதி இந்த இரண்டாவது விதமாகத்தான் பேசுகின்றன. "உங்கள் ஆர்டரில் ஒரு மாற்றம்! பார்க்கத் தட்டவும்" என்ற வாசகம் இதே வேலையைத்தான் செய்கிறது. விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறது.

முதல் அழைப்பில் என்னென்ன இருந்தன என்று பிரித்துப் பாருங்கள். என்ன நடந்தது, பதிலுக்கு என்ன இருக்கிறது, எவ்வளவு கூடும், எதற்குள் சொல்ல வேண்டும். எல்லாமே நீங்களே தொடங்கிய ஒரு வேலையைப் பற்றியவை. இதுதான் அடிப்படை. இதையே போன் திரையில் செய்யும்போது என்னென்ன குறுக்கே வருகிறது என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

## செய்தி எப்படி வந்து சேர்கிறது

புஷ் நோட்டிஃபிகேஷன் என்பது, ஆப் திறந்திருக்காதபோதும் போனுக்கு வந்து திரையில் தெரியும் செய்தி. அது எஸ்எம்எஸ் கிடையாது. உங்கள் போன் நம்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆப் நிறுவனத்தின் சர்வர் செய்தியை எழுதி, ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுளின் சேவைக்கும், ஐபோன் என்றால் ஆப்பிளின் சேவைக்கும் ஒப்படைக்கிறது. அவை அதை உங்கள் போனுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால்தான் டிராயின் டிஎன்டி பட்டியலில் நம்பரைச் சேர்த்தவர்களுக்கும் மளிகை ஆப் சலுகைகள் வந்துகொண்டே இருக்கின்றன. டிஎன்டி என்பது அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் உள்ள ஏற்பாடு.

இதைத் தடுக்கும் சாவி போனிலேயே இருக்கிறது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் ஆப் நோட்டிஃபிகேஷன் காட்ட அனுமதி கேட்டாக வேண்டும். ஐபோனில் இது முன்பே இருந்த வழக்கம். அங்கே போன் தானாகக் காட்டும் அந்தக் கேள்வியை ஆப் ஒரு முறைதான் எழுப்ப முடியும். வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிறகு செட்டிங்ஸுக்குள் போய் அவராக மாற்றினால்தான் உண்டு. ஆகவே ஆப்பைத் திறந்த முதல் நொடியில் கேட்பது வீண். முதல் ஆர்டர் போட்டு முடித்ததும், "ஏதாவது பொருள் ஸ்டாக் இல்லையென்றால் உங்களைக் கேட்க அனுமதி வேண்டும்" என்று காரணத்தோடு கேட்டால், எதற்கு அனுமதிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சாவியும் உண்டு, அதன் பெயர் சேனல். ஒரே ஆப் அனுப்பும் செய்திகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகையையும் தனியே அணைக்க விடும் ஏற்பாடு இது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இருக்கிறது. நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்தால் அது எந்தச் சேனலில் வந்தது என்று தெரியும், அங்கேயே அணைத்தும் விடலாம். ஒருவர் அணைத்த சேனலை ஆப் தானாக மறுபடி திறக்க முடியாது.

எழுதுகிறவர்கள் இதில் நன்றாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மாம்பழச் சலுகையை "ஆர்டர் நிலவரம்" சேனலில் அனுப்பினால் இன்றைக்கு நாலு பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள். கடுப்பான ஒருவர் அந்தச் சேனலை அணைப்பார். அடுத்த வாரம் அவருக்கு அரிசி ஸ்டாக் இல்லாதபோது, அதைச் சொல்ல வழியே இருக்காது. சேனலின் பெயரும் நாம் எழுதும் வாசகம்தான். "பொது" என்றோ "இதர" என்றோ பெயர் வைத்தால் எதை அணைக்கிறோம் என்று தெரியாமலேயே அணைப்பார்கள். "ஆர்டர் நிலவரம்", "சலுகைகள்", "மறுபடி வாங்க நினைவூட்டல்" என்று உள்ளதைச் சொல்லும் பெயர்கள் போதும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செய்தியை அனுப்புவது நாம், அனுமதிப்பது அவர், வகைவகையாக நிறுத்துவதும் அவர். அதனால் எந்த வகையில் அனுப்புகிறோம் என்பது வாசகத்துக்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.

## ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை மாவு அரைக்க இட்லி அரிசி 2 கிலோ, உளுந்து அரை கிலோ, கூடவே தயிரும் ஒரு தேங்காயும் ஆர்டர் ஆகியிருக்கின்றன. டெலிவரி நேரம் 7 முதல் 8 வரை. 6:35-க்கு டார்க் ஸ்டோரில், அதாவது ஆப் ஆர்டர்களுக்காக மட்டுமே நடக்கும் கிடங்குக் கடையில், சாமான் எடுக்கும் பையன் இட்லி அரிசி 2 கிலோ பை தீர்ந்திருப்பதைப் பார்க்கிறான். 1 கிலோ பைகள் இருக்கின்றன. இரண்டு எடுத்தால் ₹12 கூடுதல். வண்டியில் ஏற்ற வேண்டியிருப்பதால் 6:45-க்குள் முடிவு தெரிய வேண்டும்.

பல ஆப்கள் அனுப்பும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அச்சச்சோ! உங்களுக்குப் பிடித்த பொருள் தீர்ந்துவிட்டது 😢 சூப்பரான மாற்று காத்திருக்கிறது, உடனே தட்டுங்கள்!"

எந்தப் பொருள் என்று இல்லை. மாற்று என்ன என்று இல்லை. தட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. அந்த அச்சச்சோவை நான் எடுத்துவிடுவேன். அரிசி இல்லாத தகவலுக்கு ஆப் அழ வேண்டியதில்லை. இதை மாற்றி எழுதியது:

ஸ்டாக் இல்லை: இட்லி அரிசி 2 கிலோ
1 கிலோ பை இரண்டு தரலாம், ₹12 கூடுதல். மாலை 6:45-க்குள் பதில் இல்லையென்றால் அரிசி இல்லாமல் மற்றவை வரும். அரிசிக்கான ₹130 திரும்பக் கிடைக்கும்.
[இரண்டு பை தரவும்] [அரிசி வேண்டாம்]

இதற்கு ஆப்பைத் திறக்கவே வேண்டாம். அடியில் இருக்கும் இரண்டு பட்டன்களும் நோட்டிஃபிகேஷனோடு சேர்ந்து வருபவை. பட்டனில் "சரி", "ரத்து" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. எது சரி, எது ரத்து? அரிசியா, முழு ஆர்டரா? பட்டனை மட்டும் படித்தாலே என்ன நடக்கும் என்று புரிய வேண்டும்.

மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுப்பது எழுதுகிறவர் கையில் இருப்பதில்லை, ஆனாலும் கேள்வி கேட்க வேண்டியவர் அவர்தான். இட்லி அரிசிக்குப் பதில் சோனா மசூரியை ஆப் நீட்டினால், அதற்கு எவ்வளவு நல்ல வாசகம் எழுதியும் பயனில்லை. இரண்டும் அரிசி என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்த உறவு. மாவு அரைக்கிறவருக்கு அவை வேறு வேறு சாமான்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மாற்றே இல்லை என்று சொல்லிவிடுவது மேல்.

## "இல்லை" எங்கே வருகிறது

தமிழில் எழுதும்போது வரும் ஒரு சிக்கல் இது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கக் கொடுத்துவிடும் ஆப்களில் இதை யாரும் பார்ப்பதே இல்லை. பூட்டிய திரையில் தலைப்புக்கு ஒரு வரிதான் இடம். அதற்கு மேல் போனால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளம். போதாததற்கு, தமிழ் வாக்கியத்தில் வினையும் "இல்லை"யும் கடைசியில்தான் வரும்.

"நீங்கள் ஆர்டர் செய்த இட்லி அரிசி 2 கிலோ தற்போது ஸ்டாக்கில் இல்லை" என்று எழுதினால் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. திரையில் இப்படித் தெரியும்:

"நீங்கள் ஆர்டர் செய்த இட்லி அரிசி 2 கி…"

வருகிறதா, வந்துவிட்டதா, இல்லையா? முக்கியமான சொல் வெட்டுப்பட்டுவிட்டது. படித்தவர், ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதனால்தான் "ஸ்டாக் இல்லை:" என்று செய்தியை முன்னால் போட்டு, பொருளின் பெயரைப் பின்னால் வைத்தேன். பெயர் வெட்டுப்பட்டாலும் நடந்தது என்ன என்று தெரிந்துவிடும்.

இந்த அமைப்பு இன்னொரு தலைவலியையும் தீர்க்கிறது. நாம் எழுதுவது டெம்ப்ளேட், அதாவது பொருளின் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்ட வாக்கியம். அந்த இடத்துக்குப் பின் "ஐ" என்றோ "க்கு" என்றோ ஒட்டு வைத்தால், பால் வரும்போது "பால்ஐ" என்றும், தேங்காய் வரும்போது "தேங்காய்ஐ" என்றும் அச்சாகும். பாலை, தேங்காயை என்று சேர்த்து எழுத கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. பெயரை ஒட்டில்லாமல் தனியாக நிற்கவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது. டெம்ப்ளேட்டை முடிவு செய்யும் முன் பால், தேங்காய், உளுந்து, "தூள் உப்பு 1 கிலோ" என்று நாலைந்து பெயர்களை உள்ளே போட்டு, சின்னத் திரை உள்ள ஒரு போனில் பார்த்துவிட வேண்டும்.

## கெடுவும் காலாவதியும்

"10 நிமிடத்துக்குள் பதில் சொல்லுங்கள்" என்று ஏன் எழுதவில்லை? செய்தி 6:35-க்குக் கிளம்பும். அவர் அதை எப்போது பார்ப்பார் என்று நமக்குத் தெரியாது. 6:43-க்குப் பார்த்தால், இன்னும் பத்து நிமிடம் இருப்பதாக நினைப்பார். கடிகார நேரத்தை எழுதினால் எப்போது பார்த்தாலும் உண்மையாக இருக்கும். "உங்கள் ஆர்டர் 5 நிமிடத்தில்" என்பதும் இதே ரகம்தான்.

நேரத்தைச் சரியாக எழுதினால் மட்டும் போதாது. மெட்ரோவில் சுரங்கப் பாதைக்குள் இருப்பவருக்கோ, போன் அணைந்தவருக்கோ செய்தி உடனே போய்ச் சேராது. சேராத செய்தியை கூகுளின் சேவை பத்திரமாக வைத்திருந்து, போன் இணைப்புக்கு வந்ததும் கொடுக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 4 வாரம் வரை வைத்திருக்கும். விளைவு, இரவு 9 மணிக்கு, சாமான் வீட்டுக்கு வந்த பிறகு, "6:45-க்குள் பதில் சொல்லுங்கள்" என்று போன் ஒலிக்கும். கோபம் வராமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து `ttl` என்ற அமைப்பு. இந்தச் செய்தி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம் என்று அனுப்பும்போதே குறிப்பது. நம் உதாரணத்துக்கு 10 நிமிடம், அதாவது `600s`. அதற்குள் சேராவிட்டால் பிறகு சேரவே சேராது. ஆப்பிளின் சேவையிலும் இதே மாதிரி காலாவதி குறிக்கலாம். ஆனால் இது போனுக்குப் போகாத செய்திக்கு மட்டும்தான் பொருந்தும். ஏற்கெனவே திரையில் உட்கார்ந்திருக்கும் செய்தியை 6:45 ஆனதும் ஆப்பே எடுத்துவிட வேண்டும், அல்லது "அரிசி இல்லாமல் அனுப்புகிறோம், ₹130 திரும்பும்" என்று அதே இடத்தில் மாற்றிப் போட வேண்டும். புதிதாக ஒன்றை அதன் மேல் அடுக்கக் கூடாது.

பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நிர்ணயிப்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கேட்காமல் கூடுதல் பணம் எடுக்கும் வழி இயல்பான வழியாக இருக்கவே கூடாது. ₹12 தானே என்று தோன்றும். மாற்றுப் பையை அனுப்பினால் அவருக்கு மாவும் கிடைத்துவிடுமே என்றும் வாதாடலாம். ஆனால் ஒரு முறை கேட்காமல் பணம் போனால், அடுத்து வரும் ஒவ்வொரு செய்தியையும் சந்தேகத்தோடு படிப்பார். இதைத் தீர்க்க நல்ல இடம் ஆர்டர் போடும் திரைதான். "ஸ்டாக் இல்லையென்றால் இதே பொருளின் வேறு அளவு பை தரலாமா?" என்று அங்கேயே கேட்டுவிட்டால், நோட்டிஃபிகேஷன் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை, தகவல் சொன்னால் போதும்.

ஆக, வாசகத்தில் இருக்கும் ஒவ்வொரு உறுதிமொழிக்கும் பின்னால் ஒரு அமைப்பு இருக்க வேண்டும். "6:45" என்று எழுதினால் காலாவதி வேண்டும். "திரும்பக் கிடைக்கும்" என்று எழுதினால், பணம் உண்மையிலேயே யாரும் கேட்காமல் திரும்ப வேண்டும்.

## எல்லாப் பொருளுக்கும் பெயர் சொல்லலாமா

பூட்டிய திரையை வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள். ஆபீஸ் மேசையில் இருந்தால் பக்கத்து சீட்டுக்காரரும் பார்ப்பார். அரிசி, உளுந்து சரி. சானிட்டரி நாப்கின், கர்ப்பப் பரிசோதனை கிட், பெரியவர்களுக்கான டயபர் போன்றவற்றை இட்லி அரிசி மாதிரிப் பெயர் போட்டுச் சொல்லக் கூடாது. இவற்றுக்குத் தனி டெம்ப்ளேட் வேண்டும்: "உங்கள் ஆர்டரில் 1 பொருள் ஸ்டாக் இல்லை. விவரம் ஆப்பில்." இங்கே மட்டும் விஷயத்தைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. எந்தெந்தப் பொருள் வகைகளுக்கு இந்த டெம்ப்ளேட் என்று பட்டியல் போட்டு கேட்டலாக் பார்ப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அனுப்பும் நேரத்தில் யாரும் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

## சலுகைச் செய்திகள் பற்றிச் சுருக்கமாக

இவை அவர் தொடங்கிய வேலை சம்பந்தப்பட்டவை அல்ல, அதனால் வேறு சட்டம். ஆப்பிளின் விதிப்படி, விளம்பர நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஆப்புக்குள் தெளிவாகச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், நிறுத்தவும் வழி கொடுக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவதும், ஓயாமல் நச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிடங்கில் பை பையாக இருக்கும்போது "கடைசி 2 மட்டும்!" என்று எழுதச் சொன்னால், மறுப்பதற்கு இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சரியாக எழுதினோமா என்று எப்படித் தெரியும்

இங்கேதான் பல குழுக்கள் தவறான பக்கம் போகின்றன. பொதுவாக எல்லாரும் பார்ப்பது ஓப்பன் ரேட், அதாவது வந்த செய்தியை எத்தனை சதவீதம் பேர் தட்டித் திறந்தார்கள் என்ற கணக்கு. நம் இரண்டு வாசகங்களையும் பாதிப் பாதிப் பேருக்கு அனுப்பி ஏ/பி டெஸ்ட் செய்தால், இந்தக் கணக்கில் அச்சச்சோ வாசகம்தான் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். விஷயத்தை மறைத்ததால் திறந்தாக வேண்டிய கட்டாயம் அதில் இருக்கிறது. நல்ல வாசகத்தைப் படித்தவர், அரிசி இல்லாவிட்டால் பரவாயில்லை என்று விட்டுவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போயிருப்பார். கணக்கில் அது தோல்வி. அவருக்கு அது முழு உதவி.

ஸ்டாக் இல்லாத செய்திக்கு வேறு விதமாக எண்ண வேண்டும். கெடுவுக்குள் பட்டனில் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். "அரிசி எங்கே?" என்று டெலிவரிக்குப் பிறகு கஸ்டமர் கேருக்கு வந்த அழைப்புகள் குறைந்தனவா என்று பாருங்கள். மாற்றுப் பொருளை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் கூடியிருந்தால், வாசகம் மாற்றைச் சரியாக விவரிக்கவில்லை, அல்லது மாற்றே தவறு.

நான்காவதாக ஒன்று உண்டு, அது மெதுவாகத்தான் தெரியவரும். ஒரு செய்தி போன பிறகு அடுத்த சில நாளில் எத்தனை பேர் அந்தச் சேனலை அணைத்தார்கள் என்பது. சேனல் திறந்திருக்கிறதா என்று ஆப்பால் பார்க்க முடியும், அதனால் இதை எண்ணலாம். "ஆர்டர் நிலவரம்" சேனலை ஆட்கள் அணைக்கத் தொடங்கினால், அந்த வாரம் அதில் போன செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் யாரோ ஒரு சலுகையை அதற்குள் நுழைத்திருப்பார்கள்.